பப்பாளி இலைச் சாறும் ஏறிய பிளேட்லெட்டும்

கேள்வி: ஒன்று நடந்தவுடன் இன்னொன்று நடந்தால் முதலாவதுதானே காரணம்? இதை ஏன் ‘போஸ்ட் ஹாக்’ தவறு என்கிறார்கள்?

டிங்கியை எடுத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்தில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் பிளேட்லெட் 42,000-க்கு இறங்கியது. 150,000-க்கு மேல் இருக்க வேண்டியது. பெரியம்மா பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தார். எட்டாம் நாள் 110,000. “பாத்தியா, சாறுதான் காப்பாத்துச்சு” என்றார். அந்தக் கசப்பைக் குடித்தவனும் அதையே நம்பினான், பாவம்.

ஆனால் டிங்கியின் போக்கே அதுதான். காய்ச்சல் இறங்கும் சமயத்தில் பிளேட்லெட் மிகவும் குறையும். அப்புறம் பெரும்பாலோருக்குத் தானாகவே ஏறும். நாம் சாறு தேடி ஓடுவது எப்போது? எண்ணிக்கை பயமுறுத்தும் நாளில், அதாவது ஏறப்போகும் நேரத்தில். அன்று பார்லி தண்ணீர் கொடுத்திருந்தால் பெயர் அதற்குப் போயிருக்கும்.

சாறு வீண் என்று நான் சொல்லவில்லை. இந்த ஒரு கதையை வைத்து எதையும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஒரே கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சாறு கொடுத்துப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறினால் சாறுக்கு அதில் பங்கில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. காய்ச்சல் விட்டதும் ‘சாறு வேலை செய்துவிட்டது’ என்று சிலர் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரிவது பெரும்பாலும் அந்த ஓரிரு நாளில்தான்.