சிங்கப்பூரில் ஆறு மணி, மதுரையில் மூன்றரை

அன்புள்ள அக்கா,

ஈசூனில் இருக்கிறேன். சொந்த ஊர் மதுரை. போன தீபாவளிக்கு இரவு 12 மணிக்கு ஒரு வாழ்த்துப் படத்தை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போட்டு எல்லாருக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிட்டேன். அந்த ஆவணியில்தான் பெரியப்பா தவறியிருந்தார். பெரியம்மாவுக்கும் அந்தப் படம் போய்விட்டது. இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தையோ தனக்கு வாழ்த்தே வரவில்லை என்கிறார், அனுப்பினேன் என்றால் நம்பவில்லை. புது நம்பருக்கு மாறியதிலிருந்தே அவருடன் தொடர்பு குறைவுதான். காலை 6 மணிக்குப் பாட்டியை அழைத்தேன், எடுக்கவில்லை. இந்த வருஷம் யாருக்கு எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அத்தை விஷயத்தை முடித்துவிடலாம், அதில் உங்கள் மேல் பாதித் தவறுதான். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் பெயர் போட்டுச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். நீங்கள் எண்ணை மாற்றினீர்கள், அத்தை பழைய எண்ணையே வைத்திருப்பார். நீங்கள் அனுப்பினீர்கள், அவருக்கு வரவில்லை, இரண்டுமே உண்மை. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவல் பகுதியைத் திறந்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயரோடு காட்டும். அதில் அத்தையின் பெயர் இருக்காது. இந்த வருஷம் அவருக்குத் தனியாக, அவர் பெயரைச் சொல்லி ஒரு குரல்பதிவு அனுப்புங்கள். எண்ணைச் சேமிக்கச் சொல்லி அதற்கு முந்தைய வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். பண்டிகையன்று கேட்டால் வாழ்த்து பின்னுக்குப் போய், 'ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை' என்பதே பேச்சாகிவிடும்.

பாட்டி ஃபோனை எடுக்காததற்குக் காரணம் கடிகாரம். நமக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே 6 மணி என்றால் மதுரையில் 3:30. அந்த நேரத்தில் வீட்டு ஃபோன் அடித்தால் நம் ஊர்க்காரர்களுக்கு மனதில் ஒன்றே ஒன்றுதான் தோன்றும். நான் இங்கே வந்த முதல் வருஷம் இதே வேலையைச் செய்தேன். அப்பா எடுத்ததும் "யாருக்கு என்னாச்சு?" என்றார். வாழ்த்துச் சொன்ன பிறகும் அவர் குரல் தெளியவில்லை.

சரி, எப்போதுதான் அழைப்பது? தீபாவளிக் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாலு மணியிலிருந்து எண்ணெய்க் குளியல். தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் வெடி வெடிக்க அனுமதி என்பதால், முன்பெல்லாம் நாள் முழுக்கப் பரவியிருந்த சத்தம் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து குவிகிறது. நம் கடிகாரத்தில் அது 8:30 முதல் 9:30. அப்போது அழைத்தால் பாட்டிக்கு நீங்கள் பேசுவது கேட்காது, உங்களுக்கும் சரவெடிதான் கேட்கும். ஏழு மணிக்கு மேல் இட்லி, கறிக்குழம்பு, வாசலில் வந்து நிற்கும் உறவு. பத்து மணிக்கு மேல் வீடு நிறைந்துவிடும். எனவே ஊரில் எட்டரை, இங்கே பதினொன்று. வயிறு நிறைந்து, புதுச்சேலை கட்டி, பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் அது. வீடியோ அழைப்பாக இருந்தால் சேலையையும் பார்த்துக்கொள்ளலாம். அதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்கும்.

நள்ளிரவு 12 மணி வாழ்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் அப்போது முந்தின நாள் இரவு 9:30, அடுப்பில் முறுக்கு வெந்துகொண்டிருக்கும். ஆங்கிலப் புத்தாண்டுப் பழக்கம் இது. நம் பண்டிகை விடியலில் தொடங்குவது. முந்திச் சொல்வதால் யாரும் மகிழ்ந்துவிடப் போவதில்லை.

இனி பெரியம்மா. உங்கள் கடிதத்தில் கனமான இடம் இதுதான்.

சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை இல்லை. பலகாரம் சுடுவதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. பல வீடுகளில் பங்காளிகளுக்கும் இது உண்டு. முந்தின நாள் இரவு தெருவே பண்டிகைக்குத் தயாராகிக்கொண்டிருக்க, அவர் ஃபோனில் பளபளவென்று விளக்கும் மத்தாப்பும் வந்து விழுந்திருக்கிறது, அதுவும் அவர் பெயர்கூட இல்லாமல். பிராட்காஸ்டில் போனது தனிச்செய்தியாகத்தான் அவருக்குத் தெரியும். நீங்கள் கும்பலோடு தட்டிவிட்டீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தே அனுப்பினாள் என்றுதான் நினைத்திருப்பார்.

போன வருஷம் அவருக்குச் செய்திருக்க வேண்டியது ஓர் அழைப்பு, இரண்டு மூன்று நாள் முன்னதாக. வாழ்த்து என்ற சொல்லே இல்லாமல், 'சாப்பிட்டீங்களா பெரியம்மா, யார் கூட இருக்காங்க' என்று. பண்டிகையன்று பிற்பகலில், ஊர் ஓய்ந்த பிறகு, இன்னொன்று. அந்த வீடுகளில் அன்றைக்கு மூன்று மணி மிக நீளமானது.

இந்த வருஷம் கணக்கு வேறு. பெரியப்பா போனது ஆவணியில், முதல் வருஷத் திதி இந்த ஆவணியில் வந்துவிட்டது. தீபாவளி ஐப்பசியில், நவம்பர் 8. பெரும்பாலான வீடுகளில் திதி கொடுத்ததும் பண்டிகை திரும்பிவிடும். ஆனால் சில குடும்பங்களில் மூத்தவர் மனம் ஒப்பவில்லையென்றால் இன்னொரு வருஷம் தள்ளிப்போடுவார்கள். அதை நீங்கள் ஊகிக்கக் கூடாது. பெரியம்மாவின் பிள்ளைகளில் உங்களோடு பேசக்கூடியவரிடம் அக்டோபர் கடைசி வாரம் கேளுங்கள், "அண்ணா, இந்த வருஷம் வீட்ல பண்டிகை உண்டா?" என்று. நேரடியாகக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, உறவுக்குள் எப்போதும் கேட்கும் கேள்விதான்.

உண்டு என்றாலும் பெரியம்மாவுக்கு முதலில் போக வேண்டியது மன்னிப்பு. அதைப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே அழைத்துச் சொல்லிவிடுங்கள். மன்னிப்பையும் வாழ்த்தையும் ஒரே அழைப்பில் திணித்தால் இரண்டும் சம்பிரதாயமாகிவிடும். "படம் எல்லாருக்கும் போனதுல உங்களுக்கும் வந்துடுச்சு பெரியம்மா, நான் யோசிக்கல" என்றால் போதும். காரணங்களை அடுக்க வேண்டாம். தீபாவளியன்று பாட்டியோடு பேசி முடித்ததும் அவரை அழைக்கலாம். படம் வேண்டாம், இனி எப்போதுமே.

பிராட்காஸ்ட் லிஸ்ட்டை அழித்துவிட வேண்டுமென்றில்லை. பள்ளித் தோழிகள், பழைய அலுவலகம், ஒரே புளோக்கில் இருப்பவர்கள், இவர்களுக்கு அது போதும். அனுப்புமுன் ஒரு முறை மேலிருந்து கீழே பெயர்களைப் படித்து, அந்த ஆண்டு துக்கம் கண்ட வீடுகளை எடுத்துவிடுங்கள். இப்போதைய அலுவலகத்தாருக்கு வெள்ளிக்கிழமையே நேரில் சொல்லிவிடலாம். இந்த ஆண்டு தீபாவளி ஞாயிறு, திங்களும் இங்கே விடுமுறை. செவ்வாய்க்கிழமை சொன்னால் பலகாரம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

அட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பாட்டிக்கு ஒன்று அனுப்புங்கள். தேக்காவில் வாங்கி, பெரிய எழுத்தில் நாலு வரி, உள்ளே உங்கள் வீட்டுப் படம் ஒன்று. தபால் எத்தனை நாளில் போகும் என்பதை நம்பாமல் அக்டோபர் முதல் வாரமே போட்டுவிடுங்கள். உறையில் ஆறு இலக்கப் பின்கோடோடு அங்குள்ள யாருடைய கைப்பேசி எண்ணையாவது எழுதுங்கள், வீடு தெரியாவிட்டால் தபால்காரர் கூப்பிடுவார். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் நல்லதுதான். பாட்டி அதைத் தீபாவளி வரை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார், பதினொரு மணிக்கு நீங்கள் அழைக்கும்போது அதைப் பற்றியே பேசுவார்.