மாட்டியாச்சு, ஆனால் தெரியவில்லை: புது 4 டிபி டிஸ்க்

கேள்வி: கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று 4 டிபி இன்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி நானே மாட்டினேன். விண்டோஸ் 10. டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கிறது. ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பழைய C, D மட்டும்தான் இருக்கின்றன. கடையில் கேட்டால், "கவர் பிரித்தாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பழுதானதைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் டிஸ்க்குகளைக் காட்டுவதில்லை. டிஸ்க்கில் பிரித்து, ஃபார்மேட் செய்து, ஓர் எழுத்து கொடுத்த பகுதிகளைத்தான் காட்டும். நீங்கள் பார்க்கும் C, D இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகளாகக்கூட இருக்கலாம். யுஎஸ்பியில் செருகும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துதான் விற்கிறார்கள், அதனால் செருகியதும் தெரிகிறது. இன்டர்னல் டிஸ்க் வெறுமையாக வரும். கோடு போடாத நோட்டு மாதிரி. அந்தக் கோட்டை நாம்தான் போட வேண்டும்.

விண்டோஸ் பட்டனையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதை அடியுங்கள்:

```
diskmgmt.msc
```

டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கும். கீழ்ப்பாதியில் `Disk 1` என்றோ வேறு எண்ணிலோ உங்கள் டிஸ்க் இருக்கும். பக்கத்தில் `Not Initialized` என்றும், கறுப்புப் பட்டையின் கீழ் `Unallocated` என்றும் போட்டிருக்கும். அளவு 3726 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியில் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆகக் கணக்கிடுகிறது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

திறந்த உடனே `MBR`, `GPT` இரண்டில் எது என்று ஒரு பெட்டி கேட்கும். வராவிட்டால் `Disk 1` என்ற எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து `Initialize Disk` கொடுங்கள். இங்கேதான் கவனம் தேவை. டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே என்று குறித்து வைக்கும் முறைகள் இவை. எம்பிஆர் பழைய முறை, ஜிபிடி புதியது. அது டிஸ்க்கின் இடங்களுக்கு 32 பிட் எண்தான் போடும், அதனால் 2048 ஜிபியோடு அதன் எண்ணிக்கை தீர்ந்துவிடும். உங்கள் 4 டிபி டிஸ்க்குக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் பட்டை இரண்டு துண்டாகும். ஒன்று 2048 ஜிபி. மிச்சம் 1678 ஜிபி சும்மா கிடக்கும்; அதில் ரைட் கிளிக் செய்தால் `New Simple Volume` மங்கலாகி, அழுத்த வராது. கொடுத்த பணத்தில் கிட்டத்தட்ட பாதி வீண். ஆகவே ஜிபிடி. ஏற்கெனவே எம்பிஆர் அழுத்திவிட்டீர்களா? பகுதி எதுவும் உருவாக்காதவரை `Disk 1` மேல் ரைட் கிளிக் செய்து `Convert to GPT Disk` கொடுத்தால் சரியாகிவிடும்.

அப்புறம் கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து, `New Simple Volume` கொடுங்கள். அளவு, எழுத்து, `NTFS` எல்லாவற்றுக்கும் அது காட்டுவதையே ஒத்துக்கொள்ளலாம். `Quick Format` டிக் இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுவதையும் தொட்டுப் பார்க்கும், பல மணி நேரம் ஆகும். பட்டை நீலமானதும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைப் பாருங்கள், புது எழுத்து வந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இந்த வழி புது டிஸ்க்குக்கு மட்டும். பழைய ஃபைல்கள் உள்ள டிஸ்க் ஒருநாள் `Not Initialized` என்று காட்டினால், தயவுசெய்து `OK` அழுத்தாதீர்கள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே உங்கள் டிஸ்க் இல்லையென்றால் கதை வேறு. கம்ப்யூட்டரை அணைத்து, சாட்டா டேட்டா கேபிளை வேறொரு போர்ட்டுக்கு மாற்றுங்கள், பவர் கேபிளையும் இறுக்கிச் செருகுங்கள். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் திரையிலும் டிஸ்க்கின் பெயர் வரவில்லை, அல்லது இனிஷியலைஸ் செய்யும்போது `I/O device error` வருகிறது, கேபிள் மாற்றியும் தீரவில்லை என்றால் சந்தேகம் டிஸ்க் மேல்தான். முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். திரையைப் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். பழுதான பொருளுக்குக் "கவர் பிரித்தாச்சு" என்ற பேச்சு செல்லாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இன்னொன்று: புது இன்டர்னல் டிஸ்க் மாட்டியதும் ஃபைல்களோடு தானாகத் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் `Power On Hours` பாருங்கள். புதியதென்றால் பூஜ்யம் அல்லது அதை ஒட்டி இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் யாரோ ஓட்டிய டிஸ்க் அது.