'சூடான' பக்கத்தில் 'குளிர்ந்த' ஏன்?

"தமிழ்க் கட்டுரைகளை வைத்து Word2Vec பயிற்சி கொடுத்தேன். 'சூடான' என்று தேடினால் 'குளிர்ந்த' முதலில் வருகிறது. எங்கே தப்பு?"

தப்பே இல்லைங்க. ஒவ்வொரு சொல்லையும் வெக்டர் என்ற எண் வரிசையாக மாற்றும் Word2Vec-க்கு அர்த்தம் தெரியாது, சொல்லின் அக்கம்பக்கம் மட்டும்தான் தெரியும். "சூடான பால் குடித்தான்", "குளிர்ந்த பால் குடித்தான்" இரண்டிலும் சுற்றி நிற்பவை ஒன்றே. அதே சொற்களைக் கணிக்க வேண்டியிருப்பதால், பயிற்சியில் இரண்டு வெக்டரும் ஒரே திசைக்குத் தள்ளப்படுகின்றன. (நானும் இதில் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.)

`window=2` என்றால், அதாவது இருபுறமும் இரண்டு சொற்கள் வரை மட்டும் பார்த்தால், ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தும் சொற்கள் நெருங்கும். எதிர்ச்சொல்லும் அப்படிப்பட்டதுதானே? `window=10` வைத்துப் பாருங்கள், 'அடுப்பு', 'ஆவி' போல ஒரே பேச்சில் வருபவை மேலேறும். அப்போதும் 'குளிர்ந்த' முழுசாக விலகாது. விலக்கியே ஆகவேண்டும் என்றால், எதிர்ச்சொல் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, பயிற்சி முடிந்த வெக்டர்களைத் தனியாகத் திருத்த வேண்டும்.