டெலிவரி வருமானத்தில் கையில் நிற்பது எவ்வளவு?

“கோவையில் ஃபுட் டெலிவரி ஓட்டுறேனுங்க. மாசம் 24,000 வருது, ஆனா கையில நிக்க மாட்டேங்குது. உண்மையில எவ்வளவு மிஞ்சுது?”

முதலில் ஆப் காட்டும் கிலோமீட்டரை விட்டுவிடுங்க. காந்திபுரத்தில் எடுத்து சரவணம்பட்டியில் கொடுத்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிற தூரம் பெரும்பாலும் அதில் வராது, பெட்ரோல் மட்டும் போகும். காலையில் கிளம்பும்போதும் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஓடோமீட்டரை போட்டோ எடுத்து வையுங்க.

ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், 26 நாள் என்றால் 3,120. டவுனுக்குள் நின்று நின்று ஓட்டும்போது 45தான் மைலேஜ் என்று வைத்தால் சுமார் 69 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் கணக்கில் 7,000 போச்சு. உங்களுடைய மைலேஜை டேங்க் ஃபுல் பண்ணி, மறுபடி ஃபுல் பண்ணும்போது ஊற்றிய லிட்டரால் ஓடின தூரத்தை வகுத்துப் பாருங்க.

அப்புறம் சர்வீஸ். இந்த ஓட்டத்துக்கு ஏறக்குறைய மாசம் ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டிவரும், ஆனால் டயரும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் பல மாசம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கேட்கும், அதனால்தான் கணக்கில் விட்டுப்போகிறது. கிலோமீட்டருக்கு 80 பைசா ஒதுக்கினால் 2,500. டேட்டா ரீசார்ஜ் 350.

மிச்சம் 14,150. மதியம் 3 மணிக்கு மேல் ஆர்டர் இல்லாமல் கடை வாசலில் உட்கார்ந்திருப்பதும் உங்கள் நேரம்தானுங்க. 11 மணி நேரம் லாகின் என்றால் மாசம் 286 மணி, மணிக்கு 49 ரூபாய்தான் வருகிறது. வண்டிக்கு இஎம்ஐ, இன்சூரன்ஸ் இருந்தால் இதிலிருந்து இன்னும் கழியும்.