பெரிய M முறையா, இரு கட்ட முறையா? செயற்கை மாறிகள் பற்றி வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் செயற்கை மாறிகளைப் பற்றியவை. ஒவ்வொருவரும் வெவ்வேறு கணக்கை அனுப்பியிருந்தாலும் சிக்கல் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

பால்மாட்டுக்கு 10 கிலோ கலவைத் தீவனம் வேண்டும். எள்ளுப் புண்ணாக்கு கிலோ 240 ரூபா, தவிடு கிலோ 160 ரூபா என்று வைப்போம். புண்ணாக்கில் 30 சதவீதம் புரதம், தவிட்டில் 10 சதவீதம். இவை கணக்குக்காக முழு எண்ணாக்கிய அளவுகள். கலவையில் 1.8 கிலோவுக்குக் குறையாமல் புரதம் இருக்க வேண்டும். புண்ணாக்கு x கிலோ, தவிடு y கிலோ. புரதச் சமனிலியைப் பத்தால் பெருக்கி எழுதினால்:

```
இழிவாக்குக: Z = 240x + 160y
x + y = 10
3x + y ≥ 18
x, y ≥ 0
```

கேள்வி (சாவகச்சேரி): சேர், பெரிய M முறையில் M = 100 என்று போட்டுச் செய்தேன். கடைசி அட்டவணையிலும் ஒரு செயற்கை மாறி நேர்ப் பெறுமானத்தோடு நிற்கிறது, அதனால் 'தீர்வு இல்லை' என்று எழுதினேன். நண்பன் இரு கட்ட முறையில் செய்து விடை எடுத்துவிட்டான். இரண்டு முறையும் ஒரே விடையைத் தர வேண்டாமா?

தர வேண்டும். உங்கள் கணக்கில் பிழை முறையில் இல்லை, 100 என்ற எண்ணில் இருக்கிறது. மேலே உள்ள தீவனக் கணக்கிலும் அதே 100 அதே பிழையைத்தான் செய்யும், பாருங்கள்.

சிம்ப்ளெக்ஸ் தொடங்க ஒரு அடிப்படைத் தீர்வு கையில் இருக்க வேண்டும். x, y இரண்டும் பூச்சியம் என்றால் முதல் சமன்பாடு பொருந்தாது. இரண்டாவதில் மிகை மாறி s ஐக் கழித்தால் s = −18 ஆகிவிடும். ஆகவே இரண்டிலும் ஒரு செயற்கை மாறியைச் சேர்க்கிறோம்:

```
x + y + a1 = 10
3x + y − s + a2 = 18
```

a1 என்பது கலவையில் குறைகிற கிலோ, a2 என்பது குறைகிற புரதம். இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டித் தொடங்குகிறோம், அவ்வளவுதான். பெரிய M முறை அந்தக் குறைக்குத் தண்டம் விதிக்கிறது: Z உடன் M·a1 + M·a2 ஐக் கூட்டுகிறது. a1, a2 க்குப் பதிலாக x, y, s ஐப் பிரதியிட்டால்:

```
Z = 28M + (240 − 4M)x + (160 − 2M)y + M·s
```

x இன் குணகம்தான் மிகவும் மறை, அது உள்ளே வருகிறது. விகிதச் சோதனையில் 10/1 = 10, 18/3 = 6. ஆகவே a2 வெளியேறுகிறது. x = 6, a1 = 4. இப்போது:

```
Z = 1440 + 4M + (80 − 2M/3)y + (80 − M/3)s
```

இங்கே நின்று y இன் குணகத்தைப் பாருங்கள். M = 100 என்றால் அது 80 − 66.67, நேர் எண். s இன் குணகமும் நேர். அட்டவணை 'முடிந்தது' என்று சொல்லிவிடும். a1 = 4 அப்படியே நிற்கும், Z = 1840. நீங்கள் 'தீர்வு இல்லை' என்று எழுதுவீர்கள்.

ஆனால் M 120 ஐத் தாண்டினால் அதே குணகம் மறையாகும். y உள்ளே வரும், a1 வெளியேறும். x = 4, y = 6, Z = 1920. புரதம் 3×4 + 6 = 18, சரியாகப் பொருந்துகிறது.

என்ன நடந்தது? இந்தக் கணக்கில் கலவையை இன்னும் ஒரு கிலோ கூட்ட உண்மையான செலவு 120 ரூபா. (ஒன்றரைக் கிலோ தவிட்டைக் கூட்டி அரைக் கிலோ புண்ணாக்கைக் குறைக்கலாம்: 240 − 120 = 120. புரதம் மாறாது.) குறைக்குத் தண்டம் 100 ரூபாதான் என்றால், தீவனத்தைக் கலப்பதைவிடத் தண்டம் கட்டுவது மலிவு. சிம்ப்ளெக்ஸ் மலிவான வழியில் போகிறது. 120 என்பது அந்தக் கட்டுப்பாட்டின் நிழல் விலை. புரதத்தின் நிழல் விலை 40. M இரண்டையும் விடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் நிழல் விலை தீர்வு வந்த பிறகுதானே தெரியும்! அதனால்தான் கையால் செய்யும்போது M க்கு எண் போடாதீர்கள் என்கிறேன். M ஐ M ஆகவே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது முதலில் M இன் குணகத்தைப் பாருங்கள். அது சமமாக இருந்தால் மட்டும் மற்ற எண்ணைப் பாருங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): முதற் கட்டத்தில் w = a1 + a2 ஐ இழிவாக்க வேண்டும் என்றார்கள். w நிரையில் a1, a2 க்குக் கீழே மட்டும் எண் இருக்கிறது, x, y க்குக் கீழே பூச்சியம். உள்ளே வர எதுவும் இல்லை. முதல் அட்டவணையிலேயே முடிந்துவிட்டதா?

முடியவில்லை தங்கச்சி, இன்னும் தொடங்கவே இல்லை. இந்தப் பிழையை நான் விடைத்தாள்களில் அடிக்கடி காண்கிறேன். a1, a2 இரண்டும் இப்போது அடிப்படை மாறிகள். அடிப்படை மாறிகளுக்குக் கீழே குறிக்கோள் நிரையில் பூச்சியம் இருந்தால்தான் அந்த நிரை எதையாவது சொல்லும். ஆகவே முதல் வேலை, செயற்கை மாறி உள்ள நிரைகளைப் பயன்படுத்தி a1, a2 ஐ w இலிருந்து நீக்குவது:

```
w = (10 − x − y) + (18 − 3x − y + s) = 28 − 4x − 2y + s
```

இப்போது x உள்ளே வருகிறது, a2 வெளியேறுகிறது, w = 4 − (2/3)y − (1/3)s. அடுத்து y உள்ளே, a1 வெளியே, w = 0.

இந்த எண்களை முதல் பதிலில் பார்த்த M இன் குணகங்களோடு வைத்துப் பாருங்கள். அங்கே 28M − 4Mx − 2My + Ms, பிறகு 4M − (2/3)My − (1/3)Ms. எழுத்துக்கு எழுத்து அதுவேதான். பெரிய M முறையின் Z நிரையில் M உள்ள பகுதி முதற் கட்டம், M இல்லாத பகுதி இரண்டாம் கட்டம். இரு கட்ட முறை இந்த இரண்டையும் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறது. எனக்கு இந்த ஒற்றுமை விளங்கிய நாளுக்குப் பிறகு இரண்டும் வேறு வேறு முறைகளாகத் தோன்றியதே இல்லை.

இரண்டாம் கட்டத்திலும் இதே வேலை திரும்ப வரும். முதற் கட்டத்தின் கடைசியில் x = 4 + s/2, y = 6 − s/2. இவற்றை உண்மையான Z இல் போட்டால் Z = 1920 + 40s. s இன் குணகம் நேர், ஆகவே இழிவு விடை ஏற்கனவே கையில். 240, 160 என்று பழைய எண்களை அப்படியே நிரையில் எழுதிவிட்டால் இது தெரியாது, தேவையில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி (பருத்தித்துறை): நான் பைதனில் சிம்ப்ளெக்ஸ் எழுதுகிறேன். M சிறிதாக இருந்தால்தானே பிரச்சினை? 10 இன் 18 ஆம் அடுக்கைப் போட்டால் பயம் இல்லைத்தானே?

அப்போது மறுபக்கத்தால் விழுவீர்கள். இதை ஓட்டிப் பாருங்கள்:

```
M = 1e18
print((240 - 4*M) + 4*M)
print((160 - 2*M) + 2*M)
```

240, 160 என்று வர வேண்டும். வருவது 0.0, 256.0. பைதனின் தசம எண் ஏறக்குறைய 16 இலக்கங்களைத்தான் வைத்திருக்கும். 4×10¹⁸ அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 512 இடைவெளி. 240 அதற்குள் விழுந்து காணாமல் போகிறது. 2×10¹⁸ அளவில் இடைவெளி 256, ஆகவே 160 மேலே தள்ளப்பட்டு 256 ஆகிறது. புண்ணாக்கு இலவசம், தவிடு 256 ரூபா என்று உங்கள் நிரல் நினைத்துக்கொள்ளும். செயற்கை மாறிகள் ஒழுங்காக வெளியேறும், கட்டுப்பாடுகள் எல்லாம் பொருந்தும், ஆனால் விலை பிழைத்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் மோசம்.

கணினிக்கு என்றால் என் பதில் ஒன்றே ஒன்று: இரு கட்ட முறை. w நிரையும் Z நிரையும் தனித்தனியே இருந்தால் பெரிய எண் சின்ன எண்ணை விழுங்க வழியில்லை. இரண்டு நிரைகளையும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகப் பிவட் செய்துகொண்டு போனால் இரண்டாம் கட்டத்துக்கு Z தயாராக இருக்கும். w பூச்சியமா என்று பார்க்கும்போது மட்டும் `w == 0` என்று எழுதாமல் ஒரு சிறு பொறுதி வையுங்கள். கணக்கின் அளவுக்கு ஏற்ப 1e-9 போல ஒன்று போதும்.

கேள்வி (கிளிநொச்சி): முதற் கட்டம் w = 0 இல் முடிந்தது. ஆனால் ஒரு செயற்கை மாறி இன்னும் அடிப்படையில் இருக்கிறது, பெறுமானம் பூச்சியம். பூச்சியம்தானே, விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இப்போது பூச்சியமாக இருப்பது இரண்டாம் கட்டத்திலும் பூச்சியமாகவே இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. உள்ளே வரும் மாறியின் நிரலில் அந்த நிரைக்கு மறை எண் இருந்தால், விகிதச் சோதனை அந்த நிரையைத் தாண்டிப் போய்விடும். செயற்கை மாறி மெல்ல ஏறும், நீங்கள் கட்டுப்பாட்டை மீறிய விடையை நல்ல விடை என்று எழுதுவீர்கள்.

அந்த நிரையில் உண்மையான மாறிகளுக்குக் கீழே பூச்சியம் அல்லாத எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் பிவட் செய்து செயற்கை மாறியை வெளியேற்றுங்கள். எண் மறையாக இருந்தாலும் பரவாயில்லை, வலப்பக்கம் பூச்சியம் என்பதால் எதுவும் கெடாது. எல்லாம் பூச்சியம் என்றால் அந்தக் கட்டுப்பாடே மிகை. நம் தீவனக் கணக்கில் 2x + 2y = 20 என்று இன்னொரு வரியைத் தெரியாமல் சேர்த்தால் அதுதான் நடக்கும். அந்த நிரையை அப்படியே வெட்டிவிடுங்கள்.

கேள்வி (சங்கானை): உண்மையிலேயே தீர்வு இல்லாத கணக்கை எப்படி அறிவது?

புரதம் 1.8 க்குப் பதிலாக 3.2 கிலோ வேண்டும் என்று கேளுங்கள். w = 42 − 4x − 2y + s. x உள்ளே வருகிறது. விகிதங்கள் 10, 10.67, ஆகவே இம்முறை a1 வெளியேறுகிறது. w = 2 + 2y + s. குணகங்கள் எல்லாம் நேர், w 2 இலேயே நிற்கிறது. தீர்வு இல்லை.

அந்த 2 ஐத் தூக்கி எறியாதீர்கள். பத்தால் பெருக்கியதை நினைவில் வைத்தால், 10 கிலோவும் வெறும் புண்ணாக்காகப் போட்டாலும் 200 கிராம் புரதம் குறைகிறது என்று அர்த்தம். பெரிய M முறையில் இது 2M என்று Z க்குள் செலவோடு கலந்து வரும், பிரித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (கோண்டாவில்): பரீட்சையில் எதை எழுதுவது?

வினாவில் முறையைச் சொல்லியிருந்தால் அதை. சொல்லாவிட்டால், செயற்கை மாறி ஒன்றோ இரண்டோ உள்ள சின்னக் கணக்குக்கு M ஐ எழுத்தாகவே வைத்துப் பெரிய M முறையில் செய்யுங்கள், அட்டவணை ஒரே தொடராகப் போகும். அதற்கு மேல் என்றாலோ பின்னங்கள் வரத் தொடங்கினாலோ இரு கட்ட முறை. `160 − 80 − 2M/3` போன்ற கோவைகளை அவசரத்தில் சுருக்கும்போதுதான் குறி மாறிப்போகிறது.