தெரு எப்படி நீளும்?

கேள்வி: என் 10 வயது மகன் எங்கள் தெருவைக் காலடியால் அளந்தான். குளத்துக்குப் போகும்போது 287, திரும்பும்போது 312. "தெரு எப்படிம்மா நீளும்?" என்று கேட்கிறான். காலில் ஏதாவது கோளாறாக இருக்குமோ?
- ஒரு வாசகி

பதில்: ஒன்பது வயதில் நானும் தெருவோடு இதே சண்டை போட்டவன்தான். பிள்ளையார் கோயிலிலிருந்து படித்துறை வரை மூன்று தடவை தப்படி போட்டேன். மூன்றும் வேறு வேறு. எண்ணுவதில் பிழை என்று நினைத்து, நூறுக்கு ஒரு புளியங்கொட்டையை டவுசர் பையில் போட்டுக்கொண்டே நடந்தேன். அப்போதும் ஒத்துவரவில்லை.

மார்கழி விடியலில்தான் பிடிபட்டது. வீட்டுக்கு வீடு வாசல் தெளித்திருந்தார்கள். கோலம் போடுமுன் ஈர மண்ணில் நடந்து (இரண்டு அத்தைகளிடம் திட்டும் வாங்கி), கோயிலடியில் ஒரு குதிகால் தடத்திலிருந்து அடுத்த குதிகால் வரை தென்னை ஈர்க்கை வைத்து ஒடித்துக்கொண்டேன். நடுத்தெருவுக்கு வந்தால் அதே ஈர்க்கு தடத்தைத் தாண்டி நான்கு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. கருப்பு நாய் படுத்திருக்கும் வீட்டு வாசலிலோ ஒரு சாண்! அளக்கிறோம் என்ற மிதப்பில் முதலில் எட்டி வைக்கிறேன், போகப்போக மறந்து நடக்கிறேன், நாயைக் கண்டால் பதுங்குகிறேன்.

உங்கள் தெரு குளத்தை நோக்கிச் சரிந்தால், திரும்பும்போது அது ஏற்றம். ஏற்றத்தில் அடி தானாகக் குறுகும், எண்ணிக்கை கூடும். சந்தேகம் தீர, நனைந்த காலோடு சிமென்ட் தரையில் நடக்கவிடுங்கள். இடமிருந்து வலத்துக்கும் வலமிருந்து இடத்துக்கும் உள்ள குதிகால் இடைவெளி எப்போதும் ஒரே பக்கம் குறைந்தாலோ, ஒரு செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அவன் அளக்கட்டும். சமதரையில் டேப் பிடித்து 30 மீட்டர் குறித்து, பள்ளிக்குப் போவதுபோல் இயல்பாக மூன்று தடவை நடக்கச் சொல்லுங்கள். 54, 56, 55 என்று வந்தால் சராசரி 55. ஒரு தப்படி ஏறக்குறைய 54.5 சென்டிமீட்டர். பிறகு தெருவில் போகவும் வரவும் எண்ணிச் சராசரி எடுக்கட்டும். 300 வந்தால் தெரு சுமார் 164 மீட்டர். இதிலும் நான்கைந்து மீட்டர் முன்பின் இருக்கலாம்.

நயின் சிங் கதையையும் சொல்லுங்கள். 1865இல் ஆங்கிலேய நில அளவைத் துறைக்காக வேடமிட்டு திபெத்தின் லாசாவுக்குப் புறப்பட்டவர். ஒரு மைலுக்கு 2,000 தப்படி வரும்படி டேராடூனில் நடை பழகினார். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு தப்படிக்கு ஒரு மணி நகரும். எனக்குப் புளியங்கொட்டை இருந்தது, அந்த நடைப் பழக்கம்தான் இல்லை.