பேட்மிண்டனில் 20-20 ஆன பிறகு கேம் எப்போது முடியும்? 11 வந்ததும் எதற்காக நிறுத்துகிறார்கள்?

இருவரும் 20 புள்ளிகளில் சமமாக நின்றால், அதன் பிறகு யார் முதலில் இரண்டு புள்ளிகள் முன்னிலை பெறுகிறாரோ அவருக்கே அந்த கேம் உரியது. அப்படி யாருக்கும் முன்னிலை கிடைக்காமல் 29-29 வரை சென்றுவிட்டால், அடுத்த ஒரே புள்ளி கேமை முடித்துவிடும். 30-ஐத் தாண்டி எந்த கேமும் செல்வதில்லை. நடுவராக அமரும் எனக்கு இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒற்றையர் ஆட்டம் ஒன்றில் கவிதா 20-18 என்று முன்னிலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த இரண்டு ரேலிகளையும் மாலதி வென்றால் 20-20 ஆகிறது. கடைசி ரேலியை வென்றவர் என்பதால் சர்வீஸும் அவரிடம் இருக்கிறது. சர்வீஸ் செய்பவரின் புள்ளி இரட்டைப்படையாக இருந்தால் வலப்பக்கக் கட்டத்திலிருந்தும், ஒற்றைப்படையாக இருந்தால் இடப்பக்கத்திலிருந்தும் சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே மாலதி வலப்பக்கம் நிற்கிறார். அவர் வென்று 21-20 என்று முன்னேறினாலும் கேம் முடியவில்லை. இடப்பக்கம் மாறி மீண்டும் சர்வீஸ் செய்கிறார். கவிதா அந்த ரேலியை வென்றால் 21-21, சர்வீஸ் கவிதாவுக்கு, அதுவும் இடப்பக்கத்திலிருந்து. இப்படியே ஒருவர் முந்துவதும் மற்றவர் சமன் செய்வதுமாக 28-28 வரை வந்து, கவிதா 29-28 என்று முன்னிலை பெறுகிறார் என்று கொள்வோம். அடுத்ததையும் அவரே வென்றால் 30-28 என்று வழக்கமான இரண்டு புள்ளி வித்தியாசத்திலேயே கேம் முடிந்துவிடும். மாலதி வென்றால் 29-29. மாலதி இடப்பக்கத்திலிருந்து சர்வீஸ் செய்ய, அந்த ஒரு ரேலி இருவருக்குமே கேம் பாயிண்ட்.

எனவே 30 என்ற உச்சவரம்பு உண்மையில் வேலை செய்வது 29-29 என்ற ஒரே நிலையில்தான். ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடியக்கூடிய ஒரே முடிவும் 30-29 மட்டுமே. முடிவுப் பட்டியலில் 21-20 என்றோ 31-29 என்றோ எழுதியிருந்தால், எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம். அதேபோல் 22-20 என்ற முடிவைப் பார்த்தால், 20-20க்குப் பிந்தைய இரண்டு ரேலிகளையும் ஒரே ஆட்டக்காரர் வென்றிருக்கிறார் என்று ஆட்டத்தைப் பார்க்காமலே அறியலாம். 2017 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் நொசோமி ஒகுஹாரா பி.வி. சிந்துவை 21-19, 20-22, 22-20 என்று வென்றார். கடைசி கேமில் 20-20 ஆன பிறகு சிந்துவுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை என்பதை அந்த எண்களே காட்டுகின்றன.

ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி என்ற இந்த முறை 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சர்வீஸ் செய்பவர் வென்றால் மட்டுமே புள்ளி கிடைத்தது; ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் புள்ளிகள் சமமானால், அந்த எண்ணை முதலில் எட்டியவர் கேமை நீட்டிப்பதா வேண்டாமா என்று தேர்வு செய்யலாம். இப்போது அந்தத் தேர்வு யாருக்கும் இல்லை. இன்றைய முறையில் ஒரு கேமில் அதிகபட்சம் 59 புள்ளிகள்தான் எடுக்கப்பட முடியும். சர்வீஸ் கைமாறிக்கொண்டே இருக்க, புள்ளிப் பலகை அசையாமல் நிற்கும் நிலை இனி ஏற்படாது.

இடைவேளைக்கு வருகிறேன். முன்னிலையில் இருப்பவர் 11 புள்ளிகளைத் தொட்டதும் 60 விநாடிகளுக்கு மிகாத இடைவேளை விடப்படுகிறது. பின்தங்கியவர் பிறகு 11-ஐத் தொடும்போது மறுபடியும் நிறுத்துவதில்லை. ஆட்டக்காரர் தண்ணீர் குடிக்கவும் பயிற்சியாளரின் ஆலோசனையைக் கேட்கவும் உதவும் இந்த ஒரு நிமிடம், தொடர்ந்து புள்ளிகளை இழந்துகொண்டிருப்பவருக்கே அதிகம் பயன்படுகிறது என்பது என் கருத்து, ஏனெனில் எதிராளியின் வேகம் அங்கே அறுபடுகிறது. இடைவேளை முடிந்ததும் சர்வீஸ் யாருடையது என்ற குழப்பம் அடிக்கடி எழும். பதினோராவது புள்ளியை வென்றவரே சர்வீஸ் செய்வார், 11 ஒற்றைப்படை என்பதால் எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே செய்வார் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மூன்றாவது கேமில் மட்டும் இதே 11-இல் பக்கமும் மாற வேண்டும். மாற மறந்து ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டால், தவறு தெரிந்தவுடன், ஷட்டில் ஆட்டத்தில் இல்லாத வேளையில் மாறிக்கொள்ளலாம். அதுவரை எடுத்த புள்ளிகள் அப்படியே செல்லும்.